வெல்ஃபேரா, ஏழைகளுக்கு உதவியா: 400 பேரை வைத்து இந்தச் சோதனையைச் செய்யலாமா?

மறுபடியும்_மாணவி · மார்ச் 3, இரவு 9:50

முறையியல் வகுப்புக்கு ஒரு சர்வே சோதனை வடிவமைத்துக் கொடுக்க வேண்டும். கேள்வியில் இருக்கும் சொல் மாறினால் அரசியல் கருத்து எவ்வளவு மாறுகிறது என்பது தலைப்பு. நான் எடுத்திருப்பது அமெரிக்காவில் எல்லாப் பாடத்திலும் வரும் அந்தப் பழைய கேள்விதான். பாதிப் பேரிடம் "வெல்ஃபேருக்கு அரசு செலவழிப்பது அதிகமா, குறைவா, சரியான அளவா" என்று கேட்பது, மீதிப் பேரிடம் வெல்ஃபேர் என்ற இடத்தில் "ஏழைகளுக்கு உதவி" என்று போட்டுக் கேட்பது.

என் கருதுகோள்: சொல் மாறும்போது குடியரசுக் கட்சிக்காரர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்களைவிட அதிகமாக மாறுவார்கள். ஆன்லைன் பேனலில் 400 பேருக்குத்தான் துறையில் காசு கிடைக்கும். பக்கத்துக்கு 200. போதுமா? கடைசியில் "உங்களுக்கு எந்தச் சொல் வந்தது" என்று ஒரு கேள்வி வைத்து, தப்பாகச் சொன்னவர்களை நீக்கிவிடலாம் என்றிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ஒரு சொல்லுக்கே இவ்வளவு ஆடுகிறார்கள் என்றால் மக்களிடம் கருத்து என்று உண்மையில் ஏதாவது இருக்கிறதா?

கொசுறு · மார்ச் 3, இரவு 9:58

இல்லை. அடுத்த கேள்வி.

ராயர் · மார்ச் 3, இரவு 10:31

இதில் சோதனை செய்ய என்ன இருக்கிறது. அமெரிக்காவில் வெல்ஃபேர் என்றால் கறுப்பினத்தவர் என்று காதில் விழும், ஏழை என்றால் அப்படி விழாது. அவ்வளவுதான். சர்வே எடுப்பவர்களுக்கும் இது தெரியும், வேண்டிய பதிலுக்கு ஏற்ற சொல்லைப் போடுவார்கள். 400 பேர் எதற்கு, 40 பேரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

நடைமேடை4 · மார்ச் 4, காலை 7:15

ராயர் சொன்ன 40 பேர் விளையாட்டாக வந்திருந்தாலும் ஒரு விதத்தில் சரிதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தச் சோதனையின் தாய்வீடு ஜெனரல் சோஷியல் சர்வே, சுருக்கமாக ஜிஎஸ்எஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் நிறுவனம் 1972 முதல் நடத்துவது. 1980களின் நடுவிலிருந்து அதில் செலவு பற்றிய கேள்வி வரிசையை இரண்டு வடிவமாகப் பிரித்து, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் விட்டிருக்கிறார்கள். முன்னுரை ஒன்றே, மூன்று பதில்களும் ஒன்றே, நடுவில் இருக்கும் பெயர் மட்டும் வேறு. வெல்ஃபேர் என்று கேட்டால் "குறைவாகச் செலவழிக்கிறோம்" என்பவர்கள் பெரும்பாலான சுற்றுகளில் நாலில் ஒருவர் அளவில்தான் இருப்பார்கள். ஏழைகளுக்கு உதவி என்று கேட்டால் 60 விழுக்காட்டைத் தாண்டும். இந்தத் துறையில் இவ்வளவு பெரிய இடைவெளியும் அபூர்வம், இவ்வளவு ஆண்டுகள் திரும்பத் திரும்ப வருவதும் அபூர்வம்.

இப்போது 25க்கும் 60க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று ஆர் மென்பொருளில் ஒரு வரி போடுங்கள்:

```r
power.prop.test(p1 = 0.25, p2 = 0.60, power = 0.80)
```

பக்கத்துக்கு 31 பேர் என்று வரும். ஆக, சொல் மாறினால் பதில் மாறுமா என்பதற்கு உங்கள் 400 பேர் தேவைக்கு ரொம்ப மேலே.

ஆனால் உங்கள் கருதுகோள் அதைக் கேட்கவில்லை. குடியரசுக் கட்சிக்காரர்களிடம் வரும் மாற்றத்திலிருந்து ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் வரும் மாற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவது என்ன என்று கேட்கிறது. அதற்கு 400 பேர் ரொம்பக் குறைவு. கணக்கு பெரிதில்லை. கட்சி சாராதவர்களே இல்லை, இரண்டு கட்சியும் சரிபாதி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் நாலு கட்டங்கள், கட்டத்துக்கு 100 பேர். ஒவ்வொரு கட்டத்தின் விழுக்காட்டிலும் ஸ்டாண்டர்ட் எரர் 5 புள்ளி வரை இருக்கும். நாலையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 10 புள்ளி. 80 விழுக்காடு வாய்ப்போடு ஒன்றைக் கண்டுபிடிக்க அது ஸ்டாண்டர்ட் எரரைப்போல் 2.8 மடங்கு இருக்க வேண்டும், அதாவது 28 புள்ளி. ஜனநாயகக் கட்சியினர் 25 புள்ளி மாறினால் குடியரசுக் கட்சியினர் 53 புள்ளி மாற வேண்டும். நடக்காது. 10 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 3000 பேர் தேவை.

துறைக் காசை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்எஸ் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. பல சுற்றுகளைச் சேர்த்தால் உங்களுக்கு வேண்டிய எண்ணிக்கை அங்கேயே இருக்கிறது.

மறுபடியும்_மாணவி · மார்ச் 4, மதியம் 1:20

28 புள்ளியா!! எங்கள் வகுப்பில் மூன்று பேர் இதே மாதிரி "எந்தக் குழுவுக்கு அதிகம்" என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் 400.

கொசுறு · மார்ச் 4, மதியம் 1:24

அந்த மூன்று பேரில் ஒருவருக்கு நட்சத்திரம் விழும். அவருக்குத்தான் முதல் மதிப்பெண்.

கள்ளிக்காட்டான் · மார்ச் 4, இரவு 8:05

இவர்கள் எல்லாம் பேனலில் உட்கார்ந்த இடத்தில் சர்வே எடுக்கிறார்கள். நான் வீடு வீடாகப் போனவன், என் கதையைச் சொல்கிறேன். இதே மாதிரிச் சோதனைதான், தமிழில்.

2011க்கு அப்புறம் அரசு தன் திட்டங்களுக்கு இலவசம் என்ற சொல்லை விட்டு "விலையில்லா" என்று போட ஆரம்பித்தது இல்லையா, விலையில்லா அரிசி, விலையில்லா மடிக்கணினி என்று. அதை வைத்து ஒரு ஆய்வு. ஏ படிவத்தில் "இலவசத் திட்டங்கள்", பி படிவத்தில் "விலையில்லாத் திட்டங்கள்". ஆதரிக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். படிவங்களை இரண்டு கட்டாகக் கட்டிக் கொடுத்து "பாதிப் பாதி போடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னது அவ்வளவுதான். பையன்கள் காலையில் ஏ கட்டைப் பிரித்து அது தீரும்வரை எழுதினார்கள், சாயங்காலம் பி கட்டு. காலையில் வீட்டில் யார் இருப்பார்கள்? பெண்களும் வயதானவர்களும். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த ஆண்கள். கடைசியில் விலையில்லா என்றால் ஆதரவு குறைகிறது என்று அறிக்கை போனது. அது சொல்லின் வேலையா, நேரத்தின் வேலையா என்று எவனுக்குத் தெரியும்.

இன்னொன்று. பி படிவத்தை வாசித்தால் எதிரே இருப்பவர் "அதான்பா, இலவசமா?" என்பார். பையன் "ஆமா" என்பான். முடிந்தது சோதனை.

நடைமேடை4 · மார்ச் 5, காலை 6:50

கள்ளிக்காட்டான், ரொம்பச் சரியான உதாரணம். எதிரே இருப்பவர் திருப்பிக் கேட்டதைத் தனியாகக் குறித்து வைத்திருந்தால் அதுவே ஒரு தகவலாக இருந்திருக்கும்.

முதல் கோளாறை அறிக்கை போகும் முன்பே கண்டுபிடித்திருக்கலாம். கேள்வியில் என்ன சொல் இருந்தாலும் ஒருவரின் வயதும் பாலினமும் மாறாது. குலுக்கல் ஒழுங்காக நடந்திருந்தால் ஏ, பி இரண்டிலும் பெண்கள் ஏறக்குறைய ஒரே விழுக்காடு இருக்க வேண்டும். ஏ-வில் 70, பி-யில் 35 என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் என்ன மாதிரி ஓட்டினாலும் நேரத்தையும் சொல்லையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் வீட்டில் இருப்பவர்களும் வெளியே போகிறவர்களும் பாலினத்தில் மட்டும் வேறுபடுவதில்லை.

பனிமூட்டம் · மார்ச் 5, மாலை 4:40

குறுக்கே வருகிறேன். ஒரே ஆளிடம் இரண்டு சொல்லையும் கேட்டால் என்ன? முதலில் வெல்ஃபேர், பத்துக் கேள்வி தள்ளி ஏழைகளுக்கு உதவி. ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்ற இறக்கம் கழிந்துபோகும், 400 பேரே போதுமானதாகிவிடும். புள்ளியியல் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைச் செய்யாமல் இருப்பதுதான் வீண்செலவு.

ராயர் · மார்ச் 5, மாலை 5:02

ஒரே ஆளிடம் இரண்டையும் கேட்டால் அவன் உஷாராகிவிடுவான்.

நடைமேடை4 · மார்ச் 5, இரவு 10:10

இதில் ராயர் பக்கம் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1948இல் ஹைமனும் ஷீட்ஸ்லியும் செய்தது. கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் விட்டு, பார்த்ததை அவர்கள் ஊருக்கு எழுத அனுமதிக்கலாமா என்று முதலில் கேட்டால் 36 விழுக்காடு சரி என்றார்கள். அமெரிக்க நிருபர்களை ரஷ்யாவுக்குள் விட வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் இதைக் கேட்டால் 73. கேள்வியில் ஒரு எழுத்து மாறவில்லை, முன்னால் வந்த கேள்விதான் வேறு. நம் ஆளுக்கு ஒரு நியாயம், அவன் ஆளுக்கு ஒரு நியாயமா என்று பதில் சொல்பவருக்கே கூச்சம் வந்துவிடுகிறது.

பனிமூட்டம் · மார்ச் 6, அதிகாலை 1:30

அந்தச் சாட்சியை இதற்குக் கொண்டுவர முடியாது. அங்கே இரண்டு கேள்வியும் நியாயத் தராசின் இரண்டு தட்டு மாதிரி, ஒன்று மற்றதை நேராக இழுக்கிறது. ஒரே கேள்வியைச் சோதனைக்கு முன்னும் பின்னும் கேட்கும் வடிவத்தைப் பற்றி 2021இல் ஸ்காட் க்ளிஃபோர்டும் கூட இருவரும் எழுதினார்கள். பல சோதனைகளை இரண்டு விதமாகவும் செய்து பார்த்ததில் விளைவின் அளவு பெரிதாக மாறவில்லை, துல்லியம் நன்றாகவே கூடியது. "உஷாராகிவிடுவான்" என்று எல்லாரும் சொல்கிறார்கள், அளந்து பார்த்தால் பயந்த அளவுக்கு இல்லை.

நடைமேடை4 · மார்ச் 6, காலை 7:05

அந்தக் கட்டுரையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் வடிவத்தில் நடுவில் ஒரு தகவலோ வாதமோ வருகிறது, அது மனதை மாற்றியதா என்று அதே கேள்வியால் அளக்கிறார்கள். மனம் மாறுவது வெட்கப்படும் விஷயம் இல்லை. இங்கே நடுவில் எதுவும் இல்லை, கேள்வியின் பெயர்ப்பலகைதான் மாறுகிறது. வெல்ஃபேருக்கு "அதிகம்" என்றவர் ஐந்து நிமிடம் கழித்து ஏழைகளுக்கு உதவி என்று பார்க்கும்போது "அடடே, அதையேதான் கேட்கிறார்கள்" என்று முன் பதிலுக்கு ஏற்றபடி சொல்லலாம், அல்லது இரண்டும் வேறு என்று அப்போதுதான் யோசிக்கலாம். எது நடந்தாலும் நாம் அளக்க வந்தது அது இல்லை.

பனிமூட்டம் · மார்ச் 6, காலை 9:12

அதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். முதல் கேள்வியை மட்டும் எடுத்தால் அது நீங்கள் சொல்லும் சாதாரணச் சோதனையேதான், இரண்டாவது கேள்வி இலவச இணைப்பு. நஷ்டம் என்ன?

கொசுறு · மார்ச் 6, காலை 9:13

விலையில்லா இணைப்பு.

மறுபடியும்_மாணவி · மார்ச் 7, இரவு 11:00

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருங்கள், நான் ஜிஎஸ்எஸ் தரவை இறக்கிவிட்டேன். natfare என்றால் வெல்ஃபேர், natfarey என்றால் ஏழைகளுக்கு உதவி. இரண்டிலும் 1 என்றால் "குறைவு". ஒரு ஆளுக்கு இரண்டில் ஒன்றில்தான் பதில் இருக்கிறது. அதனால் இப்படி எழுதினேன்:

```r
gss$poor <- ifelse(!is.na(gss$natfarey), 1,
            ifelse(!is.na(gss$natfare), 0, NA))
```

சரியா?

பனிமூட்டம் · மார்ச் 7, இரவு 11:48

ஓடும், ஆனால் இப்படி வேண்டாம். யாருக்கு எந்தச் சொல் போனது என்பதை அவர் சொன்ன பதிலை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள். "தெரியாது" என்றவர்கள் இரண்டிலும் காலியாக நிற்பார்கள், அவர்களுக்கு எந்தச் சொல் போனது என்பதே தொலைந்துவிடும். வெல்ஃபேருக்குத் தெரியாது என்பவர்களும் ஏழைக்குத் தெரியாது என்பவர்களும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படிவ எண் தனியாக form என்ற மாறியில் இருக்கிறது, 1 வழக்கமான வடிவம், 2 மாற்று வடிவம். குலுக்கல் எங்கே நடந்ததோ அங்கிருந்து எடுங்கள்.

```r
gss$poor   <- as.numeric(gss$form == 2)
ans        <- ifelse(gss$poor == 1, gss$natfarey, gss$natfare)
gss$little <- as.numeric(!is.na(ans) & ans == 1)
lm(little ~ poor * rep, data = gss)
```

இதில் தெரியாது என்பவர் "குறைவு என்று சொல்லாதவர்" பக்கம் போய்ச் சேருகிறார். அதை அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். rep என்பதைக் கட்சிக் கேள்வியிலிருந்து நீங்களே உண்டாக்க வேண்டும். சுற்றுகளை 1986இலிருந்து எடுங்கள், இந்தக் கேள்வி கேட்கப்படாத சுற்று ஏதாவது இருந்தால் முதலிலேயே கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் 0 ஆகிவிடுவார்கள்.

நடைமேடை4 · மார்ச் 8, காலை 7:30

பனிமூட்டம் சொன்னதையும், முதல் பதிவில் மாணவி கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். எந்தச் சொல் வந்தது என்று கடைசியில் கேட்டு, தப்பாகச் சொன்னவர்களை நீக்குவது இதே தப்பின் இன்னொரு உருவம்.

யார் தப்பாகச் சொல்வார்கள் என்று யோசியுங்கள். வெல்ஃபேர் என்பது கோபத்தைக் கிளறும் சொல், கண்ணில் பட்டால் மறக்காது. ஏழைகளுக்கு உதவி என்பது அப்படி இல்லை, பாதிப் பேர் "வெல்ஃபேர்னுதானே கேட்டாங்க" என்பார்கள், அதிலும் அரசியலைக் கூர்ந்து கவனிக்காதவர்கள். அவர்களை நீக்கினால் வெல்ஃபேர் பக்கம் கிட்டத்தட்ட முழுக் குழுவும் நிற்கும், ஏழை பக்கம் கவனக்காரர்கள் மட்டும் நிற்பார்கள். குலுக்கிச் சமமாக்கிய இரண்டு குழுவை நீங்களே கையால் சமமில்லாமல் ஆக்குகிறீர்கள். மான்ட்கோமரி, நைஹன், டோரஸ் மூவரும் 2018இல் இதைப் பற்றியே எழுதினார்கள். பெயர் பெற்ற இதழ்களில் வந்த சோதனைகளிலேயே இது நிறைய நடந்திருக்கிறது.

கவனமாகப் படிக்கிறாரா என்று பார்க்க வேண்டுமானால் அந்தக் கேள்வியைச் சொல் வருவதற்கு முன்னால் வையுங்கள். அங்கே தோற்றவர்களை நீக்கினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையும். கட்சி எது என்பதையும் முன்னாலேயே கேளுங்கள், ஆனால் ஒட்டி வேண்டாம். "நான் குடியரசுக் கட்சி" என்று சொன்ன கையோடு வெல்ஃபேர் வந்தால் கட்சிக்காரராகத்தான் பதில் சொல்வார். நடுவில் தொலைக்காட்சி, வேலை என்று நாலு கேள்வி இருக்கட்டும்.

ராயர் · மார்ச் 8, மதியம் 12:15

எல்லாரும் குழாயைப் பற்றிப் பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏன் மாறுகிறார்கள்? நான் சொன்னது சரியா இல்லையா? நிறம்.

நடைமேடை4 · மார்ச் 8, இரவு 9:40

பாதி சரி. மார்ட்டின் கிலன்ஸ் இதை நேராகவே சோதித்தார், 1991இல் எடுத்த ஒரு தேசிய சர்வேயை வைத்து. வெல்ஃபேரில் இருக்கும் ஒரு தாயைப் பற்றிய சின்ன விவரம், குலுக்கலில் சிலருக்கு அவர் வெள்ளையர், சிலருக்குக் கறுப்பினத்தவர். சராசரியாகப் பார்த்தால் இரண்டு தாய்க்கும் கிடைத்த மதிப்பீடு பெரிதாக வேறுபடவில்லை. இதோடு நிறுத்தினால் ராயர் தோற்றார். ஆனால் கறுப்பினத் தாயைப் பற்றி ஒரு வெள்ளையர் என்ன நினைத்தாரோ அது அவருடைய வெல்ஃபேர் எதிர்ப்போடு கெட்டியாக ஒட்டியிருந்தது, வெள்ளைத் தாயைப் பற்றி நினைத்தது அந்த அளவுக்கு ஒட்டவில்லை. வெல்ஃபேர் என்றதும் மனதில் எந்த முகம் வருகிறது என்பதற்கு இது நல்ல தடயம்.

ஆனால் வெல்ஃபேர்/ஏழை வித்தியாசம் முழுவதும் அதுதான் என்று இதிலிருந்து வராது. 2013இல் கிரெகரி ஹியூபரும் சீலியா பாரிஸும் ரொம்ப எளிய கேள்வி ஒன்று கேட்டார்கள்: இந்த இரண்டு பெயரையும் கேட்கும்போது மக்கள் ஒரே திட்டங்களையா நினைக்கிறார்கள்? இல்லை. வீடில்லாதவர்களுக்கான தங்குமிடம், இலவச உணவு தரும் இடங்கள், இவையெல்லாம் "ஏழைகளுக்கு உதவி" என்பதில் தாராளமாகச் சேருகின்றன, வெல்ஃபேரில் சேருவது குறைவு. அப்படியென்றால் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைத்துச் சோதித்தோம் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தது ஆட்டம் காண்கிறது. ஒருவர் மாதாமாதம் பணம் தருவதை எதிர்த்து, குளிரில் கிடப்பவருக்கு இடம் கொடுப்பதை ஆதரித்தால் அவருக்குக் கருத்து இல்லை என்று யார் சொல்வது? அவருக்கு இரண்டு விஷயத்தில் இரண்டு கருத்து இருக்கிறது. மாணவியின் முதல் பதிவில் இருந்த கடைசிச் சந்தேகத்துக்கு என் பதில் இதுதான்.

1996இல் சட்டம் மாறி, வெல்ஃபேர் என்று எல்லாரும் சொன்ன பழைய பணத்திட்டமே போய் வேறொன்று வந்தது. அதற்கு அப்புறமும் இந்த இடைவெளி மூடவில்லை. பெயர் தன் போக்கில் வாழ்கிறது என்பதற்கும் இதைச் சொல்லலாம், திட்டங்கள் எவை என்று மக்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்பதற்கும் சொல்லலாம்.

பனிமூட்டம் · மார்ச் 8, இரவு 11:20

குளோபல் வார்மிங் / கிளைமேட் சேஞ்ச் சோதனையும் இதே ஜாதி. 2011இல் ஷுல்ட் குழு செய்தது. நடப்பது உண்மைதான் என்று சொன்ன குடியரசுக் கட்சியினர் முதல் பெயருக்கு 44.0 விழுக்காடு, இரண்டாவதுக்கு 60.2. ஜனநாயகக் கட்சியினர் 86.9, 86.4. மாணவி எதிர்பார்க்கும் "கட்சிக்குக் கட்சி வேறு" என்பது இங்கே பளிச்சென்று இருக்கிறது. ஆனால் பூமி சூடாகிறது என்பதும் பருவநிலை மாறுகிறது என்பதும் ஒரே கூற்று இல்லை. இரண்டாவதை ஒப்புக்கொள்வது சுலபம், ஏதோ ஒரு பக்கம் மாறினால் போதும்.

கொசுறு · மார்ச் 9, காலை 8:00

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எதற்கும் 86 சொல்வார்கள் போலிருக்கிறதே.

நடைமேடை4 · மார்ச் 9, காலை 8:20

சிரித்துவிட்டுப் போகும் விஷயம் இல்லை கொசுறு. 86இல் இருப்பவர் மேலே போக இடம் அவ்வளவாக இல்லை. மாணவி ஜிஎஸ்எஸ்ஸில் பார்க்கும்போதும் ஏழைகளுக்கு உதவி என்ற பக்கம் ஜனநாயகக் கட்சியினர் ஏற்கெனவே உயரத்தில் இருப்பார்கள். அவர்கள் குறைவாக மாறியதாகத் தெரிந்தால் அதில் கூரை இடித்ததன் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். "குறைவு" என்ற பதிலோடு நிற்காமல் "அதிகம்" என்றவர்களையும் தனியாக எண்ணிப் பாருங்கள், அங்கே இடம் வேறு மாதிரி இருக்கும். இரண்டிலும் ஒரே திசை வந்தால் எழுதலாம்.

மறுபடியும்_மாணவி · மார்ச் 11, இரவு 10:25

சரி, புதுத் திட்டம். கட்சி விஷயத்தை ஜிஎஸ்எஸ்ஸில் பார்த்துவிடுகிறேன். என் 400 பேரை ஹியூபர்-பாரிஸ் பக்கம் திருப்பலாம் என்றிருக்கிறேன். திட்டத்தை விளக்கிவிட்டுக் கேட்டால் என்ன? "குறைந்த வருமானமுள்ள, குழந்தைகள் இருக்கும் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் தரும் திட்டம்" என்று இரண்டு பக்கமும் ஒரே விளக்கம், அதற்குப் பெயர் மட்டும் ஒரு பக்கம் வெல்ஃபேர், இன்னொரு பக்கம் ஏழைகளுக்கு உதவி. இடைவெளி சுருங்கினால் மக்கள் வேறு வேறு திட்டத்தை நினைத்ததுதான் காரணம் என்று சொல்லிவிடலாம் இல்லையா?

பனிமூட்டம் · மார்ச் 11, இரவு 11:55

எதோடு ஒப்பிட்டுச் சுருங்கியது? விளக்கம் இல்லாத இரண்டு கட்டமும் அதே 400க்குள் வேண்டும். பழைய ஜிஎஸ்எஸ் எண்ணோடு உங்கள் ஆன்லைன் பேனலை ஒப்பிட முடியாது. ஆட்கள் வேறு. அங்கே பெரும்பாலான வருடங்கள் நேரில் போய்க் கேட்டார்கள், 2021இல்தான் பெரிதாக இணையத்துக்கு மாறினார்கள். ஆக, நாலு கட்டம், மறுபடியும் கட்டத்துக்கு 100.

நடைமேடை4 · மார்ச் 12, காலை 6:40

மறுபடியும் அதே 28 புள்ளி. 35 புள்ளி இடைவெளி விளக்கத்தால் 7க்கு இறங்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். பாதியாகக் குறைந்தால் தெரியாது, ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது.

சுருங்கினாலும் காரணம் தெளிவாகாது. ஒரு வரி விளக்கம் கொடுத்தால் திட்டம் எது என்பது மட்டும் நிலைப்படுவதில்லை, குழந்தை என்று சொன்னதுமே இரக்கம் வருகிறது, பெயரை யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் ஒன்றைக் கட்டிப்போட நினைத்து இரண்டு மூன்றை நகர்த்துகிறீர்கள்.

400 பேரை வைத்துச் செய்யக்கூடியது வேறு இருக்கிறது, அது இதைவிடச் சாதாரணம். ஆதரிக்கிறீர்களா என்றே கேட்காதீர்கள். திட்டங்களின் பட்டியல் ஒன்று கொடுங்கள்: மாதப் பணம், உணவுக்கான உதவி, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு, வீடில்லாதவர்களுக்கான தங்குமிடம், முதியோருக்கான சோஷியல் செக்யூரிட்டி. பாதிப் பேரிடம் இவற்றில் எவை வெல்ஃபேர் என்று கேளுங்கள், மீதிப் பேரிடம் எவை ஏழைகளுக்கு உதவி என்று கேளுங்கள். இரண்டே குழு, பக்கத்துக்கு 200. ஸ்டாண்டர்ட் எரர் 5 புள்ளி, 14 புள்ளி வித்தியாசம் இருந்தால் பிடித்துவிடலாம். தங்குமிடத்தில் அதைவிடப் பெரிதாக வரும் என்றே எதிர்பார்க்கிறேன். சோஷியல் செக்யூரிட்டியைப் பட்டியலில் வைப்பது எதற்கென்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவர்கள் அங்கே தெரிவார்கள். வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றிப் போடுங்கள்.

ராயர் · மார்ச் 12, காலை 10:15

தங்குமிடம் என்றதும் எந்த நிறத்து ஆளை நினைக்கிறார்கள், மாதப் பணம் என்றதும் யாரை நினைக்கிறார்கள் என்று யார் கேட்பது? திட்டம் வேறு, நிறம் வேறு என்று நீங்கள்தான் பிரிக்கிறீர்கள். மக்கள் மனதில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

நடைமேடை4 · மார்ச் 12, காலை 10:50

அது நியாயமான கேள்வி. ஒவ்வொரு திட்டத்திலும் பயன் பெறுகிறவர்களில் எத்தனை விழுக்காடு கறுப்பினத்தவர் என்று நினைக்கிறீர்கள் என்று இன்னொரு கேள்வி சேர்க்கலாம், பட்டியலுக்கு அப்புறம். இரண்டு பெயரும் வேறு வேறு முகங்களைக் கொண்டுவருகின்றன என்பது தெரியும். எது எதை இழுக்கிறது என்பதை இந்த வடிவம் சொல்லாது.

மறுபடியும்_மாணவி · மார்ச் 12, இரவு 9:30

பட்டியல் வடிவத்தையே எடுத்துக்கொண்டேன். ராயர் கேள்வியையும் கடைசியில் சேர்க்கிறேன். பனிமூட்டம், இரண்டு சொல்லையும் ஒரே ஆளிடம் கேட்கும் உங்கள் யோசனையை ஆசிரியரிடம் சொன்னேன். "செய், ஆனால் பகுப்பாய்வில் முதல் கேள்வியைத்தான் முதன்மையாக வைப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடு" என்றார்.

பனிமூட்டம் · மார்ச் 12, இரவு 9:41

அப்படியென்றால் நான் ஜெயித்தேன்.

நடைமேடை4 · மார்ச் 12, இரவு 9:44

முதல் கேள்விதான் முதன்மை என்றால் நான்தான் ஜெயித்தேன்.

கள்ளிக்காட்டான் · மார்ச் 14, மாலை 6:10

இவ்வளவு பேசினீர்கள், டேப்லெட் இல்லாமல் காகிதத்தில் எப்படிக் குலுக்குவது என்று யாரும் சொல்லவில்லையே. எங்களுக்கு அடுத்த மாதம் மறுபடி ஒரு வேலை வருகிறது. ஏ ஒன்று பி ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கிக் கொடுத்தால் போதுமா?

நடைமேடை4 · மார்ச் 14, இரவு 9:00

போதாது அண்ணே. மாற்றி மாற்றி என்றால் அடுத்தது எது என்று பையனுக்கு முன்பே தெரியும், சிடுசிடுக்கிற வீடு வந்தால் சின்னதாக இருக்கும் படிவத்தைத் தேடுவான். அலுவலகத்திலேயே கணினியில் குலுக்கிய வரிசையில் அடுக்கி, மேலே 1, 2, 3 என்று எண் போட்டுக் கட்டுங்கள். எண் வரிசைப்படிதான் எடுக்க வேண்டும், மேல் பக்கத்தைப் பார்த்தால் ஏ-வா பி-யா தெரியக் கூடாது, அந்தக் கேள்வி உள்ளே மூன்றாம் பக்கத்தில் இருக்கட்டும். ஆளைத் தேர்ந்தெடுத்துப் பெயர், வயது எழுதிய அப்புறம்தான் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஆரம்பித்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். சாயங்காலம் திரும்பி வந்ததும் எண்ணுக்கு எதிரே நேரத்தை வைத்துப் பாருங்கள். எண் ஏறும்போது நேரமும் ஏற வேண்டும். 14ஆம் எண் காலை 11க்கும் 9ஆம் எண் மதியம் 3க்கும் இருந்தால் பையனைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

கள்ளிக்காட்டான் · மார்ச் 14, இரவு 9:25

பையன் நேரத்தையும் உட்கார்ந்து எழுதிவிடுவான். அவனுக்கு அது ஒரு வேலையா.

கொசுறு · மார்ச் 14, இரவு 9:26

விசாரிக்கும்போது பாதிப் பையன்களிடம் "விசாரணை", பாதிப் பையன்களிடம் "சும்மா ஒரு பேச்சு" என்று சொல்லிப் பாருங்கள்.